பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவுக்கு முதல் கடிதம்: சிறு ரப்பர் யூனிட்டுகளுக்கான வழிகாட்டி

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பரை ஷீட்டாக விற்பதோடு நிற்காமல், சொந்தமாகப் பிரஸ் போட்டு வாஷர், புஷ், கேஸ்கெட் என்று அடித்துக் கொடுக்கிற சிறு யூனிட்டுகள் உண்டு. உள்ளூர்க் கடைகளுக்கும் ரிப்பேர் ஒர்க்ஷாப்புகளுக்கும் சரக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அடுத்த கட்டமாக ஒரு பெரிய கம்பெனிக்கு நேரடியாகச் சப்ளை செய்ய நினைக்கும்போது, முதலில் எழுத வேண்டியது வெண்டர் பதிவுக்கான அறிமுகக் கடிதம். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்குக் குலசேகரம் பக்கம் இருக்கும் ஒரு யூனிட், கோயம்புத்தூரில் உள்ள ஒரு பெரிய பம்ப் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தும்பு, முந்திரி, மீன்வலை என்று வேறு தொழிலில் இருப்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும். பொருளின் விவரங்கள்தான் மாறும்.

முதலில், இந்தக் கடிதத்தால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்டர் கிடைக்காது. கொட்டேஷன்கூடக் கேட்க மாட்டார்கள். கடிதம் நன்றாக இருந்தால் பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர் வெண்டர் பதிவுப் படிவத்தை அனுப்புவார், அல்லது கடிதத்தைத் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியருக்கு ஃபார்வர்ட் செய்து "இவர்களைப் பார்க்கலாமா?" என்று கேட்பார். இந்த இரண்டில் ஒன்று நடந்தால் கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. அதனால் விலை, தள்ளுபடி, "நீண்டகால நல்லுறவு" எல்லாம் இதில் வேண்டாம். அந்த இன்ஜினியர் படித்துவிட்டு "இவர்களால் நம் பாகத்தைச் செய்ய முடியும்போல் இருக்கிறதே" என்று நினைக்க என்னென்ன தெரிய வேண்டுமோ, அவை மட்டும் போதும்.

ஒரு பொருளை எடுங்கள்

பெரும்பாலான அறிமுகக் கடிதங்களில் "அனைத்து விதமான ரப்பர் பொருட்களும் செய்து தரப்படும்" என்ற வரி இருக்கும். பர்ச்சேஸ் பிரிவில் அந்த வரியைப் படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவரிடம் பாகங்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டிராயிங் இருக்கிறது. உங்கள் கடிதத்தை அந்தப் பட்டியலில் எந்த வரிக்கு நேராக வைப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டும். "எல்லாம் செய்வோம்" என்றால் எந்த வரிக்கும் நேராக வைக்க முடியாது.

ஆகவே உங்கள் யூனிட்டில் ஏற்கெனவே நன்றாக வருகிற ஒரு பொருளை, அல்லது ஒரே மாதிரியான இரண்டு மூன்று பொருட்களை எடுங்கள். நம் உதாரணத்தில் அது கப்ளிங் புஷ். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் பின்னைச் சுற்றி மாட்டுகிற ரப்பர் உருளை. தேய்ந்தால் மாற்ற வேண்டியது என்பதால், புதுப் பம்புக்கும் வேண்டும், ஸ்பேர் பார்ட்டாகவும் வேண்டும்.

எந்த ரப்பரில் செய்கிறீர்கள் என்பதையும் இங்கேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். நம் ஊர் ஷீட்டிலிருந்து வரும் இயற்கை ரப்பர் அதிர்வைத் தாங்குவதில் நல்லது. ஆனால் எண்ணெயும் கிரீஸும் பட்டால் ஊதிப்போகும். எண்ணெய் படுகிற இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். "ரப்பர் புஷ்" என்று மட்டும் எழுதினால் இன்ஜினியர் மனதில் எழும் முதல் கேள்வி "எந்த ரப்பர்?" என்பதுதான். நைட்ரைல் உங்களிடம் ஓடவில்லை என்றால் கடிதத்தில் அதைச் சேர்க்காதீர்கள். இயற்கை ரப்பரில் மட்டும் செய்கிறோம் என்று சொல்பவர்களுக்கும் வேலை இருக்கிறது.

யாருக்கு எழுதுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். கார், பைக் தயாரிப்பாளர்களுக்கு நேரடியாகப் பாகம் கொடுக்க வேண்டுமென்றால் ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் கேட்பார்கள். ஒரு சிறு யூனிட்டுக்கு அது முதல் படியாக இருக்க முடியாது. பம்ப், மோட்டார், விவசாய இயந்திரங்கள், ஆலைகளின் பராமரிப்புப் பிரிவுகள் ஆகியவற்றில் நுழைவது இதைவிட எளிது.

கடிதம் எழுதும் முன் காகிதங்களைச் சரிபாருங்கள்

கடிதம் நன்றாக இருந்தும் பதிவு நின்றுபோகிற இடம் இதுதான். ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு, உத்யம் சான்றிதழ், கேன்சல் செய்த செக் ஆகிய நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கிலும் நிறுவனத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் "இண்டஸ்ட்ரீஸ்", இன்னொன்றில் "ரப்பர் இண்டஸ்ட்ரீஸ்", செக்கில் உரிமையாளரின் சொந்தப் பெயர் என்று இருந்தால், கம்பெனியின் கம்ப்யூட்டரில் வெண்டர் கோட் உருவாக்கும்போது நின்றுவிடும். தனிநபர் நிறுவனம் என்றால் பான் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும், அது சரி. ஆனால் நடப்புக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வங்கிக்குப் போய் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

முகவரியையும் பாருங்கள். ஜிஎஸ்டியில் வீட்டு முகவரி, தொழிற்சாலை வேறு ஊரில் என்றிருந்தால், தொழிற்சாலையைக் கூடுதல் வணிக இடமாக ஜிஎஸ்டியில் சேர்த்துவிடுங்கள். ஆய்வுக்கு வருபவர் அந்த முகவரிக்குத்தான் வருவார்.

உத்யம் சான்றிதழில் செயல்பாடு "உற்பத்தி" என்று இருக்கிறதா, தொழில் வகை எண் ரப்பர் பொருட்களுக்கான 2219-ல் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "வணிகம்" என்று பதிவாகியிருந்தால் கம்பெனி உங்களை வியாபாரி என்றே கணக்கில் எடுக்கும். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களில் பணம் தர வேண்டும். அப்படித் தராவிட்டால், 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய அந்தத் தொகையை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். அதனால் பெரிய கம்பெனிகள் இப்போது உத்யம் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்கின்றன. கடிதத்தில் உத்யம் எண்ணையும் வகையையும் மட்டும் எழுதுங்கள். 45 நாள் சட்டத்தை முதல் கடிதத்திலேயே நினைவூட்டுவது, பெண் பார்க்கப் போன இடத்தில் ஜீவனாம்சம் பேசுவதுபோல் ஆகிவிடும். பேமெண்ட் விதிகள் பேச வேறு சமயம் வரும்.

மாதத்துக்கு எத்தனை தர முடியும்?

கடிதத்திலேயே முக்கியமான எண் இதுதான். மனதில் தோன்றியதை எழுதாமல், கணக்குப் போட்டு எழுத வேண்டும்.

நம் யூனிட்டில் புஷ்ஷுக்காக 16 குழி மோல்டு ஒன்று இருக்கிறது. ஒருமுறை பிரஸ் மூடினால் ரப்பர் வேக 6 நிமிடம், எடுத்து மறுபடி காம்பவுண்டு வைக்க 2 நிமிடம். ஆக 8 நிமிடத்துக்கு 16 புஷ், மணிக்கு 120. எட்டு மணி நேர ஷிப்டில் காலையில் பிரஸ் சூடேறும் நேரம், சாப்பாட்டு நேரம் போக ஆறரை மணி நேரம்தான் உண்மையில் ஓடும். அப்படியானால் 780. காற்றுக்குமிழி, வேக்காட்டுக் குறை, அளவுப் பிசகு என்று நூற்றுக்கு நாலு கழித்தால் சுமார் 750 நல்ல சரக்கு. மாதம் 25 நாள் என்றால் சுமார் 18,750. இதில் ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளர்களுக்கு 11,000 போகிறது. மிச்சம் 7,750. கடிதத்தில் எழுத வேண்டிய எண் "மாதம் 7,500, ஒரு ஷிப்டில்". பதினெட்டாயிரம் அல்ல.

இந்தக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது பிசிறு வெட்டும் வேலை. மோல்டிலிருந்து எடுத்த புஷ்ஷின் விளிம்பில் மெல்லிய ரப்பர் இதழ் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால்தான் வெட்டுகிறோம் என்றால், ஒருவர் ஒரு நாளில் எத்தனை வெட்டுகிறார் என்றும் எண்ணிப் பாருங்கள். பிரஸ் 750 தந்தாலும் வெட்டுகிறவர் 600 தான் முடிக்கிறார் என்றால், உங்கள் உற்பத்தித் திறன் 600 தான்.

எண்ணைக் கூட்டிச் சொல்வதால் வரும் கேடு உடனே தெரியாது. தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர் பிரஸ்ஸின் முன் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், மோல்டின் குழிகளை எண்ணுவார். இரண்டே நிமிடத்தில் உங்கள் எண் சரியா என்று அவருக்குத் தெரிந்துவிடும். பொருந்தாவிட்டால், கடிதத்தில் எழுதிய மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார்.

கடிதம்

சரி, இப்போது எழுதலாம். லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். வெளியூர்க் கம்பெனிகளில் பர்ச்சேஸ் வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால் நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருக்கும், உள்ளடக்கம் இதுதான்.

பெறுநர்:
துறைத் தலைவர், கொள்முதல் பிரிவு,
(நிறுவனத்தின் பெயர், முகவரி)

பொருள்: வெண்டர் பதிவு கோருதல் – பம்ப் கப்ளிங்குக்கான ரப்பர் புஷ், வாஷர் தயாரிப்பாளர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் 2016 முதல் கம்ப்ரஷன் மோல்டிங் முறையில் ரப்பர் பாகங்கள் தயாரித்து வருகிறோம். கப்ளிங் புஷ், தட்டை வாஷர் ஆகியவை எங்கள் முக்கியத் தயாரிப்புகள். உங்கள் நிறுவனத்தின் பம்ப் பிரிவுக்கு இவற்றைத் தயாரித்துத் தரும் வெண்டராகப் பதிவு செய்ய விரும்புகிறோம்.

நாங்கள் செய்வது: இயற்கை ரப்பரிலும் நைட்ரைல் ரப்பரிலும், வெளிவிட்டம் 15 முதல் 80 மி.மீ. வரை. கடினம் 50 முதல் 80 ஷோர் ஏ, ஏற்ற இறக்கம் 5. அளவு விலக்கம் ஐஎஸ்ஓ 3302-1, எம்3 வகுப்பு.

கைவசம் உள்ள திறன்: கப்ளிங் புஷ் மாதம் 7,500 எண்ணிக்கை, ஒரு ஷிப்டில். மோல்டு இருக்கும் அளவுகளுக்கு மாதிரி 10 நாட்களில். புது மோல்டு தேவைப்பட்டால் டிராயிங் ஒப்புதலுக்குப் பின் 4 வாரம்.

தரச் சோதனை: ஒவ்வொரு பேட்சிலும் கடினமும் அளவும் எங்கள் யூனிட்டிலேயே பார்க்கப்பட்டுப் பதிவு செய்யப்படுகின்றன. இழுவிசை, அழுத்தச் சோதனைகளை என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்தில் செய்கிறோம்; அண்மை அறிக்கையை இணைத்துள்ளோம். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் இப்போது எங்களிடம் இல்லை.

தற்போதைய வாடிக்கையாளர்கள்: நாகர்கோவில், திருநெல்வேலி பகுதிகளில் உள்ள இரண்டு மோட்டார் ரிப்பேர் நிறுவனங்கள், ஒரு உதிரிபாக மொத்த விற்பனையாளர். கேட்டால் அவர்களின் தொடர்பு விவரங்களைத் தருகிறோம்.

ஜிஎஸ்டி எண், உத்யம் எண் (குறு நிறுவனம், உற்பத்தி), எச்எஸ்என் 4016.

உங்கள் வெண்டர் பதிவுப் படிவத்தையும், நீங்கள் பொருத்தமாகக் கருதும் ஒரு பாகத்தின் டிராயிங்கையும் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பாகத்துக்கு 5 மாதிரிகளை எங்கள் செலவில் அனுப்புகிறோம். புது மோல்டு தேவைப்பட்டால் அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

இப்படிக்கு,
(பெயர், பொறுப்பு, அலைபேசி எண்)

இந்தக் கடிதத்தில் சில வரிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எம்3 என்பது மோல்டிங் ரப்பர் பாகங்களுக்கான சாதாரண வணிகத் தர விலக்கம். எம்1 என்றால் மிக நுட்பமான அளவு. அதை எழுதிவிட்டு, கையால் வெட்டுகிற புஷ்ஷில் அதைக் காப்பாற்ற முடியாது. வெர்னியரில் உங்கள் சரக்கில் ஐம்பது எடுத்து அளந்து பார்த்துவிட்டு எந்த வகுப்பு என்று எழுதுங்கள்.

ஐஎஸ்ஓ இல்லை என்பதை ஏன் நாமே சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். பதிவுப் படிவத்தில் அந்தக் கேள்வி எப்படியும் வரும். அங்கே சொல்வதைவிட, தரச் சோதனை எப்படி நடக்கிறது என்று சொல்லும் இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஆய்வே இல்லாமல் சான்றிதழ் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் வாங்கிவிடாதீர்கள். தந்தவர் அங்கீகாரம் பெற்றவர்தானா என்று பர்ச்சேஸ் பிரிவில் சரிபார்ப்பார்கள். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் அந்தக் கம்பெனியின் கதவு மறுபடி திறக்காது.

வாடிக்கையாளர் சிறியவர்கள்தானே என்று அந்தப் பத்தியை விட்டுவிடாதீர்கள். ரிப்பேர் ஒர்க்ஷாப்புக்கு வருஷக் கணக்காகக் கொடுத்துவருகிறீர்கள் என்றால், உங்கள் புஷ் உண்மையான மோட்டாரில் மாட்டி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். இன்ஜினியருக்கு அது முக்கியம். ஆனால் பெயரைக் கடிதத்தில் போடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தூரத்தைப் பற்றிய பயம் அவர்களுக்கு இருக்கும். நாகர்கோவிலிலிருந்து கோவை 400 கிலோமீட்டருக்கு மேல். அதைக் கடிதத்தில் விளக்க வேண்டாம். ஆனால் கேட்டால் சொல்ல, எந்தப் பார்சல் லாரி சர்வீஸ், எத்தனை நாள், பெட்டி ஒன்றுக்கு எவ்வளவு என்று விசாரித்து வைத்திருங்கள். மழைக்காலத்தைப் பற்றியும் கேட்பார்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. இலையுதிரும் மாதங்களில் பால்வெட்டும் நின்றுவிடும், ஷீட் விலை ஏறும். அந்த மாதங்களுக்கு எவ்வளவு ஷீட் இருப்பு வைக்கிறீர்கள் என்பதுதான் அந்தக் கேள்விக்கான பதில்.

அனுப்புவது

கம்பெனியின் இணையதளத்தில் வெண்டர் பதிவுக்குத் தனி பக்கம் இருந்தால் அதில் விவரங்களை நிரப்புங்கள். அதோடு நிற்காமல், அதே கடிதத்தைப் பர்ச்சேஸ் பிரிவின் மின்னஞ்சலுக்கும் அனுப்பி, "இணையத்தில் விண்ணப்பித்த எண் இது" என்று குறிப்பிடுங்கள்.

இணைப்புகளை ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள்: கடிதம், ஜிஎஸ்டி, பான், உத்யம், கேன்சல் செய்த செக், ஆய்வக அறிக்கை, பிரஸ்ஸும் பொருளும் தெரிகிற மூன்று நான்கு படங்கள். மொத்தம் 5 எம்பிக்குள் இருக்கட்டும். பெரிய கோப்புகளைச் சில கம்பெனிகளின் சர்வர் உள்ளேயே விடாது, உங்களுக்குத் தகவலும் வராது. மின்னஞ்சலின் உடலில் கடிதத்தின் முதல் பத்தியை அப்படியே ஒட்டிவிடுங்கள். நிறைய பேர் அலைபேசியில்தான் முதலில் பார்க்கிறார்கள். இணைப்பைத் திறக்கும் முன்பே நீங்கள் யார் என்று தெரிய வேண்டும்.

முடிந்தால் கடிதத்தின் அச்சுப் பிரதியோடு இரண்டு மூன்று புஷ்களையும் தபாலில் அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் சிறிய ஜிப் கவரில் போட்டு, ரப்பர் வகை, கடினம், பேட்ச் எண், உங்கள் அலைபேசி எண் ஆகியவற்றை லேபிளில் எழுதி ஒட்டுங்கள். லேபிள் இல்லாத ரப்பர் துண்டு மேசையிலிருந்து அன்றே குப்பைக்குப் போய்விடும். லேபிள் இருந்தால் இன்ஜினியர் அதை எடுத்து ஹார்ட்னஸ் மீட்டரில் வைத்துப் பார்ப்பார். நீங்கள் 70 என்று எழுதி, அவருக்கு 58 காட்டினால் அத்தோடு முடிந்தது. அனுப்பும் முன் நீங்களே அந்தத் துண்டுகளை அளந்துவிடுங்கள்.

பதில் வந்த பின்

பத்துப் பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் ஒருமுறை போன் செய்யுங்கள். "கடிதம் கிடைத்ததா?" என்று கேட்பதற்குப் பதில், "கப்ளிங் புஷ் சப்ளையை எந்த இன்ஜினியர் பார்க்கிறார்கள், அவருக்கு டெக்னிக்கல் விவரம் அனுப்பலாமா?" என்று கேளுங்கள். அப்போது பேச்சு உங்கள் பொருளைப் பற்றி நகரும். "இப்போது புது வெண்டர் எடுக்கவில்லை" என்றால், எப்போது மறுபரிசீலனை செய்வார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலை ஒட்டிப் பல கம்பெனிகள் வெண்டர் பட்டியலைத் திருத்தும்.

பொதுத்துறை நிறுவனங்களுக்கு எழுதுவதாக இருந்தால் வழி கொஞ்சம் மாறும். மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் இருக்கிறது, பக்கத்து மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. மத்திய அரசின் கொள்முதல் கொள்கைப்படி இத்தகைய நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். இங்கே கடிதத்துக்கு முன்பே அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் விற்பனையாளராகப் பதிந்துவிடுங்கள். டெண்டரில் முன்வைப்புத் தொகை விலக்குக்கு உத்யம் சான்றிதழ் உதவும். கடிதத்தில் ஜெம் பதிவு பற்றிய ஒரு வரியைச் சேர்த்தால் போதும். உத்யம் பதிவில் திருத்தம் செய்யக் குழப்பமாக இருந்தால், நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

தனியார் கம்பெனியிலிருந்து டிராயிங் வந்துவிட்டால், அடுத்து எழும் கேள்வி மோல்டு. புது அளவுக்கு மோல்டு செய்ய ஆகும் செலவு யாருடையது, மோல்டு யாருக்குச் சொந்தம் என்பதை மாதிரி அனுப்பும் முன்பே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பணம் தந்தால் மோல்டு அவர்களுடையது. வேறு யாருக்கும் அதில் அடித்துத் தரக்கூடாது. நீங்கள் போட்டால் அந்தச் செலவை எத்தனை புஷ்ஷில் பிரித்து விலையில் சேர்ப்பது என்று கணக்கிட வேண்டும், அந்த எண்ணிக்கை வாங்குவதற்கு அவர்களிடமிருந்து உறுதியும் வேண்டும்.

மாதிரி தேறிவிட்டால், ஒப்புதல் ஆன அதே பேட்சிலிருந்து இரண்டு துண்டுகளில் இன்ஜினியரின் கையொப்பமும் தேதியும் உள்ள டேக் கட்டி, ஒன்றை அவர்களிடமும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்றைக்காவது ஒரு லாட்டை "மாதிரி போல் இல்லை" என்று திருப்பி அனுப்பினால், இரு பக்கமும் எடுத்து வைத்துப் பார்க்க அந்த இரண்டு துண்டுகள்தான் இருக்கும்.